காற்றடித்து வைத்த சைக்கிள்

நேயர்களுக்கு வணக்கம்.

கிளிநொச்சிப் பக்கத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். பெரும்பாலும் உயர்தரம் படிக்கிறவர்கள். கவிதை எழுத வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள். அவர்கள் எழுதிக்கொண்டு வருவதை நான் வாசித்து, எனக்குப் பட்டதைச் சொல்வேன். பல வருடங்களாக இதைச் செய்து வருகிறேன். இத்தனை வருடத்தில் என் கைக்கு வந்த முதல் கவிதைகளில் முக்கால்வாசி ஒரே கவிதைதான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அன்பு, பாசம், பிரிவு, ஏக்கம், வலி, வேதனை, சோகம், நினைவு. இந்த எட்டுச் சொல்லும் இடம் மாறி மாறி வரும். கொப்பியின் மட்டையைக் கழற்றிவிட்டு என்னிடம் தந்தால் எது யாருடையது என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒருவரைப் போல ஒருவர் இல்லை. ஒருவனுடைய தகப்பன் இரணைமடுக் குளத்தில் வலை போடுகிறவர். இன்னொரு பிள்ளை மாங்குளத்துக்கு உள்ளே, காட்டோரத்துக் காணியில் அம்மம்மாவோடு இருக்கிறாள். அவர்களுக்கு நடந்தவையும் வேறுவேறு. அப்படியிருக்க எழுதும்போது மட்டும் ஏன் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். பொதுவாகப் பேசிக்கொண்டு போகாமல், ஒரு பிள்ளையின் ஒரு கவிதையை எடுத்து, அது எப்படி மாறியது என்று காட்டுகிறேன். அந்தப் பிள்ளையிடம் கேட்டுத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்றாள். நல்லது.

அவளுடைய அண்ணன் வேலைக்கென்று கட்டார் போய் அப்போது இரண்டு வருடம். அவள் கொண்டுவந்த கவிதை இது.

அண்ணா, உன் பிரிவு
என் இதயத்தின் வேதனை.
அன்பின் ஆழத்தில்
நீயில்லா வாழ்வின் வெறுமை.
சோகக் கடலில்
நினைவுப் படகில் நான்
ஏக்கத்தின் கரையில்
காத்திருக்கிறேன்.

எட்டு வரி. பென்சிலை எடுத்து, கண்ணால் பார்க்க, காதால் கேட்க, கையால் தொட முடியாத சொற்களுக்குக் கீழே கோடு போடச் சொன்னேன். பிரிவு, வேதனை, அன்பு, ஆழம், வாழ்வு, வெறுமை, சோகம், நினைவு, ஏக்கம். ஒன்பது சொல். மிஞ்சியவற்றில் தொடக்கூடியது என்று என்ன இருக்கிறது? "கடல் இருக்கு, படகு இருக்கு, கரை இருக்குத்தானே சேர்" என்றாள்.

"எந்தக் கடல் பிள்ளை?" என்று கேட்டேன். "நந்திக்கடலா, முல்லைத்தீவுக் கடலா?"

அவள் சிரித்தாள். இந்தக் கேள்வியை நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நந்திக்கடல் களப்பு. பல இடங்களில் இறங்கி நடக்கலாம். அங்கே நிற்கிற ஆளுக்கு இடுப்பளவு தண்ணீரும் காலுக்குக் கீழே சேறும் தெரியும். முல்லைத்தீவுக் கடல் அலை அடிக்கிற திறந்த கடல். இரண்டில் எதைச் சொன்னாலும் கேட்கிறவன் மனதில் ஒரு படம் வரும். "சோகக் கடல்" என்றால் எதுவும் வராது. அங்கே தண்ணீர் இல்லை, உப்பு இல்லை, அலை இல்லை. கடல் என்பது "நிறைய" என்பதற்குப் பதிலாகப் போட்ட சொல், அவ்வளவுதான். நினைவுப் படகு, காதல் தீ, கனவுச் சிறகு, கண்ணீர்ப் பூக்கள் எல்லாமே இந்த வகை. பார்க்கக்கூடிய ஒரு பொருளைப் பார்க்க முடியாத ஒன்றோடு ஒட்டிவிட்டால் அந்தப் பொருளும் மறைந்துபோகிறது. தொடங்குகிறவர்கள் இதைத்தான் படிமம் என்று நம்பிவிடுகிறார்கள். அதனால் இதைக் கண்டுபிடிக்கத் தெரிவது முதல் வேலை. "எந்தக் கடல்?" என்று கேட்டால் பதில் வர வேண்டும். வராவிட்டால் அது கடல் இல்லை.

சரி, ஏன் இப்படி எழுதுகிறார்கள்? சோம்பலில் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்தப் பிள்ளை அந்த எட்டு வரியை எழுத இரண்டு இரவு முழித்திருந்தாள். எழுதும்போது அழுதிருக்கிறாள். "பிரிவு" என்று எழுதும்போது அவளுக்குள் எல்லாமே ஓடுகிறது. விடியப்புறம் வாகனம் வந்து நின்றது, அண்ணன் பையைத் தூக்கினது, அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவளைப் பொறுத்தவரை அந்த ஒரு சொல் நிரம்பி வழிகிறது. ஆகவே அது போதும் என்று நினைக்கிறாள். ஆனால் தாளில் வந்து சேர்ந்தது மூன்று எழுத்து மட்டும்தான். வாகனமும் படலையும் அவளுக்குள்ளேயே நின்றுவிட்டன. வாசிக்கிற எனக்கு அவளுடைய படலை தெரியாது. நான் அந்தச் சொல்லுக்குள் என்னுடைய ஏதோ ஒரு பிரிவைப் போட்டுக்கொள்வேன், அல்லது ஒன்றுமே போடாமல் தாண்டிப் போய்விடுவேன். எழுதினவருக்கு ஒரு சொல் நிறைந்திருக்கிறது என்பதற்காக வாசிக்கிறவருக்கும் அது நிறைந்திருக்கும் என்றில்லை. இது தொடங்குகிறவர்களுக்குத் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை. தன் கவிதையைத் தானே வாசிக்கும்போது ஒவ்வொரு முறையும் அந்தப் படம் ஓடத்தானே செய்யும்?

இரண்டாவது காரணம், அவர்கள் எதைக் கவிதை என்று கேட்டு வளர்ந்தார்கள் என்பது. சினிமாப் பாட்டில் "பிரிவு" என்று ஒரு சொல் வந்தால் அதற்கு மெட்டு இருக்கிறது, குரல் இருக்கிறது, திரையில் ரயில் நகர்கிறது. சொல் விட்ட இடத்தை மற்றவை நிரப்பிவிடும். தாளில் அந்த உதவி ஒன்றும் கிடையாது.

அதைவிட எங்கள் பக்கத்தில் வலுவானது கண்ணீர் அஞ்சலி. மதிலிலும் மின்கம்பத்திலும் ஒட்டுகிற பிரசுரத்திலும், முப்பத்தொன்றுக்கு அடிக்கிற கல்வெட்டிலும் வருகிற வரிகளைக் கவனித்துப் பாருங்கள். "அன்பின் திருவுருவே, பாசத்தின் பிறப்பிடமே" என்ற மாதிரி இருக்கும். அச்சகத்தில் அவை ஆயத்தமாகவே இருக்கும். படமும் பெயரும் திகதியும்தான் மாறும். யாருக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட வரிகள் அவை. துக்க வீட்டில் இருந்து எழுத முடியாத நேரத்தில் அவை உதவுகின்றன, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் துயரத்தைப் பற்றி எழுத்தில் ஒரு பிள்ளை முதன்முதலில் பார்ப்பது அதைத்தான். துயரத்தை அப்படித்தான் எழுதுவது என்று அது மனதில் பதிந்துவிடுகிறது. யாருக்கும் பொருந்துகிற வரி தன் அண்ணனுக்கும் பொருந்தும். ஆனால் தன் அண்ணன் அதில் இருக்கமாட்டான்.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதை வன்னியில் இருந்துகொண்டு நான் சொல்லாமல் விட முடியாது. எங்களில் பலர் இடத்தையும் ஆளையும் திகதியையும் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கப் பழகினவர்கள். அப்படிப் பழகின வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பெரிய சொல் ஒரு பாதுகாப்பு. "வலி" என்று எழுதினால் யார், எங்கே, எப்போது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். இதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. சொல்ல விரும்பாததைச் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் நான் நெருக்கினதும் இல்லை. ஆனால் ஒன்றை அவர்களுக்குச் சொல்வேன். ஒரு பொருளைக் காட்டுவதற்கும் ஒரு கதையை ஒப்புவிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கொடியில் காய்கிற ஒரு சேட்டைக் காட்டலாம். அது யாருடையது என்று சொல்லாமலே காட்டலாம். பார்க்கக்கூடிய பொருள் ரகசியத்தைப் பெரிய சொல்லை விட நன்றாகக் காக்கும்.

இனி அந்தக் கவிதைக்கு வருவோம். நான் அவளிடம் உன் உணர்ச்சி என்ன என்று கேட்கவில்லை. அதைத்தான் ஒன்பது தடவை எழுதிவிட்டாளே. எங்கே, எப்போது என்று கேட்டேன். பிறகு, அங்கே என்ன இருந்தது என்று கேட்டேன்.

இந்த ஒழுங்கு என் கண்டுபிடிப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று தொல்காப்பியத்தில் இருந்து படித்திருப்பீர்கள். பரீட்சைக்காகப் பாடமாக்கி மறந்தும் இருப்பீர்கள். முதல் என்றால் நிலமும் பொழுதும். கரு என்றால் அந்த நிலத்தில் இருக்கிற தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலானவை. உரி என்றால் புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். இந்த மூன்றில் உரியே சிறந்தது என்று உரைகாரர்கள் சொல்வார்கள். கவிதை அதற்காகத்தான் எழுதப்படுகிறது. ஆனால் அந்த உரியைத் தூக்கி நிறுத்துவது முதலும் கருவும். தொடங்குகிறவர்களின் கவிதையில் நடப்பது என்னவென்றால், உரி மட்டும் இருக்கிறது. நிலம் இல்லை, பொழுது இல்லை, ஒரு மரம் இல்லை, ஒரு பறவை இல்லை. பிரிதல், பிரிதல், பிரிதல் என்று மட்டும் இருக்கிறது. பந்தல்கால் நடாமல் பந்தல் போட்டது போல.

சில பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு அடுத்த கிழமை குறிஞ்சிப் பூவைக் கொண்டுவருவார்கள். குறிஞ்சியை அவர்கள் கண்டதே இல்லை. அது எங்கள் நிலத்தின் பூவும் இல்லை. எங்களுடைய கருப்பொருளை நாங்கள்தான் எண்ண வேண்டும். தெய்வம் என்றால் வற்றாப்பளை அம்மனும் அங்கே கடல்நீரில் எரிகிற விளக்கும். மரம் என்றால் பாலை, வீரை, முதிரை. பாலைப்பழம் தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு விடாது, எண்ணெய் பூசித்தான் எடுக்க வேண்டும். அதை எழுத இன்னொரு ஊரில் இருந்து ஆள் வரமாட்டார். ஆனால் ஒவ்வொரு கவிதையிலும் பாலைப்பழம் வர வேண்டும் என்றும் இல்லை. சைக்கிளும் கருப்பொருள்தான், வளவில் நிற்கிறதானால்.

நான் கேட்டது இப்படி. "அண்ணா போன பிறகு வீட்டில அவற்றை சாமான் என்ன நிக்குது?"

"சைக்கிள் நிக்குது சேர். பத்தியில."

"அதை ஆர் ஓடுறது?"

"ஒருத்தரும் இல்லை. கரியரில கோழி அடையுது." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள், "அம்மா காத்தடிப்பா."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமையில. பக்கத்து வீட்டில பம்பு வாங்கி அடிப்பா."

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்தேன். ஒருவரும் ஓடாத சைக்கிளுக்கு ஒரு தாய் கிழமைக்கு ஒருக்கால் காற்றடிக்கிறா. அவளுடைய எட்டு வரியும் சொல்ல முயன்றது அந்த ஒரு செயலில் இருந்தது. ஆனால் அவளுக்கு அது கவிதைக்கு உரிய பொருளாகத் தெரியவில்லை. "இதை ஏன் எழுதேல்லை?" என்று கேட்டதற்கு, "அது சும்மா வீட்டில நடக்கிறது சேர்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் திருத்திக்கொண்டு வந்தாள்.

முற்றத்தில் சோகமாய் நிற்கிறது
அண்ணாவின் சைக்கிள்.
அழுகின்ற கிணற்றடி.
வாடிய மாமரம்.
வாலாட்ட மறந்த நாய்.
தனிமையில் நிலா.
வெள்ளிக்கிழமைகளில்
அம்மா காற்றடிக்கிறா.
அதுதான் தாயன்பு.

இது முதலாவதை விட எவ்வளவோ முன்னேற்றம். அவளுக்கு அதைச் சொன்னேன். ஆனாலும் இதில் மூன்று இடத்தில் சறுக்கியிருக்கிறாள். இந்தச் சறுக்கல் எல்லோருக்கும் வருவது. அதனால் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

சைக்கிள் சோகமாய் நிற்கிறது, கிணற்றடி அழுகிறது. போன கவிதையில் தனியாக நின்ற சோகம் இப்போது சைக்கிளின் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. முன்வாசலால் போன சொல் பின்வாசலால் வந்துவிட்டது. சைக்கிளுக்குச் சோகம் கிடையாது. அது இரும்பு. அது சும்மா நிற்கிறது என்பதுதான் எங்களை உலுக்குகிறது. பொருளின் மேல் எங்கள் உணர்ச்சியைப் பூசினால் வாசிக்கிறவனுக்கு உணர ஒன்றும் மிச்சமில்லை. "சோகமாய்", "அழுகின்ற" இரண்டையும் அவளே வெட்டினாள்.

இன்னொன்று, கிணறு, மாமரம், நாய், நிலா. "உங்கள் வீட்டில் மாமரம் இருக்கிறதா?" என்று கேட்டேன். இல்லை. நாய் இருக்கிறது, ஆனால் அது எல்லோருக்கும் வாலாட்டும். பொருள் வேண்டும் என்று சொன்னதும் அவள் பொருள்களைக் குவித்துவிட்டாள். அதில் பாதி மற்றக் கவிதைகளில் இருந்து வந்தவை. ஒன்றோடு ஒன்று தொடர்பில்லாத ஆறு பொருள் ஆறு பக்கம் இழுத்தால் எதுவும் நிற்காது. ஒரு பொருளோடு நிறைய நேரம் இருப்பது ஆறு பொருளைத் தொட்டுவிட்டுப் போவதை விட நல்லது. அதிலும் பொருள் மட்டும் இருந்தால் போதாது. வினை வேண்டும். மேசை, கதிரை, விளக்கு என்று அடுக்கினால் அது சாமான் பட்டியல். சைக்கிள் நிற்கிறது என்பதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடாத சைக்கிளுக்குக் காற்றடிக்கிறா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடைசி வரியைப் பற்றி நாங்கள் நிறைய நேரம் கதைத்தோம். "அதுதான் தாயன்பு." அவளுக்கு அதை விட மனமில்லை. "விளங்காமல் போயிடும் சேர்" என்றாள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. அதனால் அந்த வரியைக் கையால் மறைத்துவிட்டு, அங்கே இருந்த மற்றப் பிள்ளைகளிடம் கவிதையை வாசிக்கக் கொடுத்து, இது எதைப் பற்றியது என்று கேட்கச் சொன்னேன். "மகன் வருவான் எண்டு தாய் பாத்துக்கொண்டிருக்கிறா" என்றான் ஒருவன். "அவன் வரமாட்டான் எண்டு தாய்க்குத் தெரியும்" என்றாள் இன்னொருத்தி. இரண்டு பேரும் வாதாடத் தொடங்கிவிட்டார்கள். பிறகு கையை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். வாதம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நின்றது நல்லதுக்கு இல்லை. "தாயன்பு" என்ற சொல் வந்ததும் அந்தத் தாயைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

அவள் அந்த வரியை எடுத்துவிட்டாள். ஆனால் இப்போது கவிதைக்கு முடிவு இல்லை. நான் இன்னும் கேட்டேன். காற்றடித்த பிறகு அம்மா என்ன செய்வா? பெருவிரலால் ரயரை அமத்திப் பார்ப்பா. கோழி? அது இறங்காது, கரியரிலேயே இருக்கும். பிறகு? பம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். யார் கொண்டுபோறது? நான்தான்.

"சைக்கிளில போறனியோ?" என்று கேட்டேன்.

"இல்லை சேர். நான் ஒருநாள் எடுத்தனான். அம்மா, நீ நடந்து போ எண்டிட்டா."

அந்த முடிவு அவளுடைய வீட்டில் இரண்டு வருடமாகக் கிடந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய பாட்டைச் சொல்ல வேண்டும். பெரிய சொற்களே வரக்கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடுவீர்கள். அது சரியில்லை. குறுந்தொகையில் நாற்பத்தோராவது பாட்டு. தலைவி தோழிக்குச் சொல்கிறாள். காதலர் பக்கத்தில் இருக்கும்போது திருவிழா நடக்கிற ஊரைப் போல மகிழ்வேன். அவர் போய்விட்டால், காட்டுவழியை ஒட்டிய சிற்றூரில் ஆட்கள் விட்டுப்போன, அணில் ஆடுகிற முற்றத்தையுடைய தனித்த வீட்டைப் போலப் பொலிவிழந்து வருந்துவேன். அவ்வளவுதான் பாட்டு, ஆறு அடி.

இதில் உணர்ச்சிச் சொல் இல்லையா? இருக்கிறது. "உவந்து" இருக்கிறது, "புல்லென்று" இருக்கிறது, வருந்துவேன் என்ற பொருளில் "அலப்பென்" இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு இடத்தில் காலூன்றி நிற்கிறது. உவகை திருவிழா ஊரில் நிற்கிறது. வருத்தம் அந்த முற்றத்தில் நிற்கிறது. அந்தப் புலவரின் இயற்பெயர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் உள்ள தொடரையே பெயராக்கி "அணிலாடு முன்றிலார்" என்று அழைக்கிறோம். முன்றில் என்றால் முற்றம். பெயர் வைத்தவர்கள் உவந்ததை வைத்தோ வருந்தியதை வைத்தோ பெயர் வைக்கவில்லை. அந்த அணிலும் முற்றமும்தான் அவர்களுடைய மனதில் நின்றிருக்கின்றன.

2010இல் நாங்கள் எங்கள் காணிக்குத் திரும்பினோம். முற்றம் முழுக்கப் புல். கூரை இல்லை. சுவர் அரைவாசி நின்றது. நாங்கள் படலை இருந்த இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு அணில் குந்தில் ஏறி ஒன்றை ஒன்று துரத்தி விளையாடின. என் மனைவி என் கையைப் பிடித்தா. அந்தப் பாட்டைப் பல வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான். அன்றைக்குத்தான் அது எனக்கு விளங்கியது. அணில் சோகமான பிராணி இல்லை. அது சந்தோஷமாக ஆடுகிறது. ஆட்கள் இருந்தால் அப்படிப் பயமில்லாமல் முற்றத்தில் ஆடாது. அது ஆடுகிறது என்பதிலேயே ஒருவரும் இல்லை என்பது இருக்கிறது. அந்தப் புலவர் வீடு அழுதது என்று எழுதவில்லை. முற்றம் வாடியது என்று எழுதவில்லை. அணில் ஆடும் முற்றம் என்றார். என் மாணவிக்கு அந்தக் கோழி கிடைத்தது போல அவருக்கு அந்த அணில் கிடைத்திருக்கிறது. கரியரில் கோழி அடைவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. சைக்கிள் நாளாந்தம் ஓடினால் கோழி அங்கே அடையுமா?

ஆகவே பெரிய சொல்லை எழுத ஆசையாக இருந்தால் எழுதுங்கள். முதல் எழுத்தில் அது வரட்டும். அது வராமல் நீங்கள் எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. பிறகு அடிக்கோடு போடுங்கள். கோடு போட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கே, எப்போது, அங்கே என்ன இருந்தது, அதை வைத்து யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பதில் வந்தபிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். எடுத்தும் குறையாவிட்டால் அது தேவையில்லை. எடுத்தால் ஒரு பக்கம் சரிகிறது என்றால் திரும்ப வையுங்கள். உங்கள் கவிதைக்குள் நீங்கள் கண்டிராத நிலாவோ ரோஜாவோ வந்தால், எந்த வீட்டில் இருந்து வந்தது என்று கேட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

இந்த முறையால் எல்லாக் கவிதையும் சரிவரும் என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகளிடம் எவ்வளவு கேட்டாலும் பொருள் வராது. காரணம், அவர்கள் எழுத எடுத்த விஷயம் அவர்களுடையது இல்லை. காதலித்திராத பதினாறு வயதுப் பையன் காதல் தோல்வி எழுதினால் அங்கே எங்கே, எப்போது என்பதற்கு என்ன பதில் வரும்? அவனை நான் பேய்க்காட்டாமல் கேட்பேன், "தம்பி, நீ கடைசியா எதுக்குக் கோவப்பட்டாய்?" அதற்குப் பதில் வரும். ஒருவன், தம்பி தன்னுடைய தூண்டிலை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனதற்காக என்று சொன்னான். அதில் இருந்து எழுதினான்.

அந்தப் பிள்ளையின் கவிதையின் கடைசி வடிவத்தை வாசிக்கிறேன். பக்கத்து வீட்டில் பம்பு வாங்குவது தேவையில்லாத விவரம், வெட்டலாம் என்று நான் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். அம்மா இன்னொரு வீட்டுப் படலையில் போய்ப் பம்பு கேட்க வேண்டியிருக்கிறது, அது இல்லாமல் கவிதை இல்லை என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. ஒருவரும் ஓடாத சைக்கிளுக்கு எதற்குப் பம்பு என்று அந்தப் படலையில் ஒருவராவது மனதுக்குள் நினைத்திருப்பார். அதற்கும் மேலாக, பம்பு இரவல் இல்லாவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்கப் போகும் கடைசி வரியே வராது.

வெள்ளிக்கிழமை பின்னேரம்
பக்கத்து வீட்டில் பம்பு வாங்கி
அண்ணாவின் சைக்கிளுக்கு
அம்மா காற்றடிக்கிறா.
முன்சில்லு, பின்சில்லு.
பெருவிரலால் அமத்திப் பார்க்கிறா.
கரியரில் அடைந்த கோழி
இறங்கவில்லை.
பம்பைத் திருப்பிக் கொடுக்க
என்னை
நடந்து போகச் சொல்கிறா.

வணக்கம்.